தானாகத் திரும்பும் குறி

எனக்கு அரபி தெரியாது. அலிஃப் எது என்று காட்டினால் ஆமாம் என்பேன், அவ்வளவுதான். ஆனால் ஆறேழு வருடங்களாக அரபிப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருக்கிறேன். புதுச்சேரி என்றால் கடற்கரையும் மதுக்கடையும் என்று நினைக்கிறவர்களிடம் நான் சொல்வதுண்டு: இந்த ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரனுக்குக் கமா போட்டுத்தான் பிழைக்கிறோம். முதலியார்பேட்டையில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். கீழே பேக்கரி. மாலை நான்கு மணிக்குப் பன் வேகும் வாசனை வந்தால் யாரும் ஒழுங்காகப் பிழை பார்ப்பதில்லை.

நான் முதலில் இருந்தது பிரெஞ்சுப் பிரிவில். வீட்டில் அப்பா காலத்துப் பிரெஞ்சு, கன்னியர் பள்ளியில் படித்த பிரெஞ்சு, இரண்டும் சேர்ந்து வேலை வாங்கிக் கொடுத்தன. பிரெஞ்சில் கேள்விக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட வேண்டும். வியப்புக்குறி, முக்காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாவற்றுக்கும் அப்படியே. « என்று கொக்கி போட்டால் அதற்குள்ளும் மூச்சுவிட இடம் தர வேண்டும். என் விரலுக்கு அது ஊறிப்போயிருந்தது. தமிழில் வாட்ஸப் அனுப்பினால்கூடக் கேள்விக்குறியைத் தள்ளித்தான் வைப்பேன். என் கணவர் கேட்பார், "ஏன், கேள்விக்கும் உனக்கும் சண்டையா?"

இந்த விரலோடுதான் அரபிக்கு வந்தேன். முதல் வேலை துபாய்க்காரர்களின் ஒரு பள்ளிப் பாடநூல். அங்கே கேள்விக்குறி கண்ணாடியில் பார்த்ததுபோல ؟ என்று திரும்பி நிற்கும். நான் பழக்க தோஷத்தில் அதற்கு முன்னால் சாதாரண இடைவெளி ஒன்றைப் போட்டுவிட்டேன். வரி நிறைந்ததும் கேள்விக்குறி மட்டும் கழன்று அடுத்த வரியின் வலது ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கம் முழுக்க அப்படி அனாதையாகக் கேள்விகள். அரபியில் எந்தக் குறியும் முந்திய சொல்லை ஒட்டியே நிற்க வேண்டும், இடைவெளி பிறகுதான் என்று அன்றைக்கு அறிந்துகொண்டேன். கொக்கிக்குள்ளும் இடம் கிடையாது. 'மற்றும்' என்பதற்கு அவர்களிடம் ஒற்றை எழுத்து, அது அடுத்த சொல்லின் முதுகில் ஏறிக்கொள்ளும். அதைப் பிரித்து இடைவெளி விட்டால் படிக்கிறவருக்குக் கல் கடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கமா. நம்முடையது கீழே வால் தொங்கும். அது ، என்று மேலே வால் தூக்கி எதிர்ப்பக்கம் பார்க்கும். வரி வலமிருந்து இடம் ஓடுகிறதல்லவா, கமாவும் அந்த ஓட்டத்தோடு ஓடுகிறது. அரைப்புள்ளியும் ؛ இப்படித்தான். முற்றுப்புள்ளி மட்டும் உலகப் பொது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் புள்ளி புள்ளிதானே.

எங்களுக்குக் கடைசிச் சரிபார்ப்புச் செய்கிறவரை எல்லோரும் செக்கிங் அண்ணன் என்போம். தவளக்குப்பத்திலிருந்து வருகிறவர். அவருக்கும் அரபி தெரியாது. ஆனால் வடிவம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மூலத்தையும் எங்கள் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு புள்ளி குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு முதலில் தண்ணி காட்டியது அந்த நாட்டு எண்கள். நாம் உலகமெல்லாம் அரபி எண் என்று சொல்கிற 1, 2, 3 வேறு. வளைகுடாக்காரர்கள் எழுதுகிற ١ ٢ ٣ வேறு. அவர்களுடைய ஐந்து ٥ நம்முடைய பூஜ்யம் போலிருக்கும். ஆறு ٦ நம்முடைய ஏழு போலிருக்கும். ஏழு ٧ வாயைத் திறக்கும், எட்டு ٨ கூரை போடும். பூஜ்யமோ வெறும் புள்ளி, ٠. அண்ணன் முதல் புத்தகத்தில் பத்தாம் பக்கம், இருபதாம் பக்கம், முப்பதாம் பக்கம் எல்லாவற்றிலும் சிவப்பால் வட்டம் போட்டு "அழுக்குப் புள்ளி, எடுக்கவும்" என்று எழுதி அனுப்பியிருந்தார். அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

இன்னொரு விசித்திரம்: எழுத்து வலமிருந்து இடம் போகும், எண் மட்டும் நம் ஊர்ப் பேருந்து போல இடமிருந்து வலம் போகும். ஒரே வரியில் கண் ஓடி வந்து, எண் வந்ததும் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி ஓட வேண்டும். நடுவில் ஓர் ஆங்கிலச் சொல்லோ பிரெஞ்சுச் சொல்லோ வந்தால் அதற்கும் இதே கதை. இந்தப் போக்குவரத்தையெல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளும். அடைப்புக்குறியைக்கூட அது தானாகத் திருப்பிவிடும். 'திறக்கிற அடைப்பு' என்று நாம் தட்டினால், அரபி வரியில் அது எந்தப் பக்கம் திறக்க வேண்டுமோ அந்தப் பக்கம் திறக்கும். எனக்கு அது மந்திரம் போலிருந்தது. மந்திரத்தை நம்பினால் என்ன ஆகும் என்று பிறகுதான் தெரிந்தது.

அரபி படிக்கத் தெரிந்த ஒருத்தி எங்களிடம் வந்து சேர்ந்தாள். குவைத்தில் பள்ளி படித்தவள். அப்பா அங்கே வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு குடும்பம் கருவடிக்குப்பத்துக்கே திரும்பிவிட்டது. அரபியைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். நான் வருடக்கணக்காக அடுக்கிவைத்த வடிவங்களுக்கு ஒலி உண்டு என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளும் நானும்தான் அந்தச் சிறு புத்தகத்தை எடுத்துக்கொண்டோம்.

பிரான்ஸில் ஒரு மருத்துவர் எழுதியது. மொரோக்கோவில் பிறந்தவர், பெண், குழந்தைகளின் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கிறவர். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகளின் தாய்மாருக்காக எழுதியிருந்தார். ஒரு பக்கம் பிரெஞ்சு, எதிர்ப்பக்கம் அரபி. அவருடைய மருத்துவமனைக்கு வருகிற மொரோக்கோக் குடும்பங்களுக்குக் கையில் கொடுக்க. நடுப்பக்கத்தில் ஓர் அட்டவணை, பிரெஞ்சு வழக்கப்படி தசமப் புள்ளிக்குப் பதில் கமா போட்டு. காலையில் விரலில் குத்திச் சோதித்ததும், இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 2,50 கிராமுக்கு மேலே இருந்தால் வழக்கமான ஊசியோடு இரண்டு அலகு கூட்ட வேண்டும். 0,70-க்குக் கீழே இருந்தால் ஊசி கூடாது, உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் குழந்தை மயங்கி விழும், அதற்கு மேலும் ஆகலாம். இதை மருத்துவர் முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தார். "மற்ற பக்கங்களில் பிழை இருந்தால் கோபப்படுவேன். இந்தப் பக்கத்தில் இருந்தால் தூங்க மாட்டேன்" என்று பிரெஞ்சில் ஒரு வரி.

மூலத்தில் அரபிப் பக்கத்திலும் எண்கள் 1, 2, 3 என்றே இருந்தன. நானும் குவைத்துக்காரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அவசரத்துல அடிச்சிருப்பாங்கக்கா. அரபின்னா அரபி நம்பர்தான போடணும்," என்றாள்.

எங்களிடம் இருந்த விதித்தாளும் அதையே சொன்னது. எல்லாம் வளைகுடா வேலைகளில் சேர்ந்த விதிகள். ஒரே தட்டில் எண்களை மாற்றினோம். 2,50 அழகாக ٢٫٥٠ ஆயிற்று. அதன் நடுவில் வரும் குறி அவர்களுடைய தசமக் குறி. கமாவைப் போலிருக்கும், கமா அல்ல. அதைக்கூடச் சரியாகப் போட்டோம் என்று எங்களுக்குள் பெருமை. அனுப்பினோம்.

மறுநாள் மருத்துவர் காணொளியில் வந்தார். வெள்ளைக் கோட்டோடு, பின்னால் நோயாளிகள் காத்திருக்கும் சத்தத்தோடு.

"மதாம், இந்த எண்களை யார் கேட்டார்கள்?" என்றார் பிரெஞ்சில். "எங்கள் ஊரில் யாரும் இப்படி எழுதுவதில்லை. நாங்கள் 1, 2, 3 என்றே படித்தோம், கடையிலும் பள்ளியிலும். இந்தப் பெண்கள் அரபி எழுத்துப் படிப்பார்கள். ஆனால் இந்த ஐந்தைப் பூஜ்யம் என்று படித்தால் நான் என்ன செய்வேன்?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் குவைத்துக்காரி, "நெசமாவாக்கா? அவங்களுக்கு இது தெரியாதா?" என்று கேட்டாள். அவளுக்கு அரபி ஒரே நாடு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மதராஸ்காரன் என்று வடக்கே நம்மையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டினால் கோபம் வருகிறதே, நாங்கள் செய்தது அதுதான். மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார், நீங்கள் ஐரோப்பிய எண் என்று நினைக்கிற வடிவங்கள் எங்கள் மேற்குப் பக்கத்து அரபிகள் வழியாகத்தான் ஐரோப்பாவுக்கே போயின என்று. எனக்கு அது பிடித்திருந்தது. அன்று மதியம் சாப்பிடும்போது எல்லோரிடமும் அதைச் சொல்லி, தெரிந்தவளைப் போலப் பீற்றிக்கொண்டேன்.

எண்களைப் பழையபடி 1, 2, 3 என்றே ஆக்கினோம். தசமத்துக்கு மறுபடி சாதாரணக் கமா. இதிலும் ஒரு கண்ணி உண்டு. கமாக்களையெல்லாம் ஒரே தட்டில் அரபிக் கமாவாக மாற்றினால் எண்ணுக்குள் இருக்கிறதும் வாலைத் தூக்கிவிடும். இரண்டு எண்ணுக்கு நடுவே உள்ளதைத் தொடாதே என்று சொல்லித்தான் மாற்ற வேண்டும். எல்லாம் சரியாக வந்தது. பக்கத்தை அண்ணனிடம் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனே எழுந்து வந்தார். அவர் இருக்கையை விட்டு வந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"இத பாரு. பிரெஞ்சுல எப்பிடி இருக்கு? '> 2,50'. இந்தப் பக்கம் பாரு, '2,50 <'. குறி தலகீழா இருக்கு. எடமும் மாறி இருக்கு. கீழ 0,70-லயும் அப்பிடித்தான். மேலன்றது கீழ ஆயிடுச்சிம்மா. திருப்பிடு."

பார்த்தேன். அவர் சொன்னது கண்ணுக்கு உண்மை. ஆனால் கோப்பைத் திறந்தால் உள்ளே நான் தட்டியது 'மேலே' என்கிற குறியைத்தான். கணினி அதை அடைப்புக்குறியைப் போலவே திருப்பிக் காட்டுகிறது. வலமிருந்து படித்தால் முதலில் குறி, பிறகு எண், 'மேலே 2,50' என்று சரியாகவே வரும். அட்டவணையின் மேலே நான் போட்டிருந்த அம்புக்குறிகளோ திரும்பாமல் நின்றன. அம்பைக் கணினி தொடுவதில்லையாம். குறி திரும்புகிறது, அம்பு திரும்பவில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு சட்டம். எனக்கு எரிச்சலும் வேடிக்கையும் சேர்ந்து வந்தன.

"அண்ணா, இது சரிதான். படிக்கிறவங்க அந்தப் பக்கமிருந்து படிப்பாங்க."

"அந்தப் பக்கமிருந்து படிக்கிறவ எண்ணை மட்டும் இந்தப் பக்கமிருந்து படிக்கிறான்னு நீதான சொன்ன? அப்ப குறிய எந்தப் பக்கமிருந்து படிப்பா?"

குவைத்துக்காரியைக் கூப்பிட்டோம். அவள் அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தாள். சொற்கள் இருந்தால் படித்துவிடுவாள். இதில் சொல்லே இல்லை, ஒரு குறியும் ஓர் எண்ணும்தான்.

"எங்க ஸ்கூல்ல கணக்கே வலதுலேருந்து எழுதுவோம். எனக்கு இது சரியாத்தான் படுது," என்றாள். பிறகு தானே, "ஆனா அவங்க நம்பரையே வேற மாதிரி படிச்சவங்க. கணக்கு எப்பிடிப் படிச்சாங்களோ," என்று இழுத்தாள்.

அவளுடைய நம்பிக்கை போனதும் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. திருப்பினால் குவைத்தில் தப்பு, திருப்பாவிட்டால் மொரோக்கோவில் தப்பு. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. அண்ணன் சிவப்பு மையை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்த ஒரே விதி, பிரெஞ்சுப் பக்கம்தான் முதலாளி. இத்தனை வருடம் அந்த விதி அவரை ஏமாற்றியதில்லை.

"அவங்களையே கேட்டுருவோம்," என்றேன்.

இரண்டு பக்கங்கள் செய்தோம். ஒன்றில் கணினி காட்டுகிறபடி. இன்னொன்றில் அண்ணன் சொன்னபடி பிரெஞ்சைப் போலவே. எது சரி என்று சொல்லாமல் மருத்துவருக்கு அனுப்பி, காத்திருக்கும் தாய்மாரில் சிலரிடம் படிக்கச் சொல்லிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அச்சுக்குப் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படிக் கேட்டதற்கு எங்கள் மேலாளர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

மாலையில் மருத்துவர் அழைத்தார். குரல் மாறியிருந்தது.

மூன்று பேரிடம் காட்டினாராம். முதல் அம்மா வலமிருந்து படித்து, கணினியின் பக்கத்தைச் சரியாகச் சொன்னார். அண்ணனுடைய பக்கத்தில் தடுமாறினார். இரண்டாவது அம்மா பள்ளியில் கணக்கைப் பிரெஞ்சு முறையில் படித்தவர். அவருக்கு < என்றால் சிறியது, அது எங்கே நின்றாலும். கணினியின் பக்கத்தைப் பார்த்து, "2,50-க்குக் கீழே இருந்தால் இரண்டு கூட்ட வேண்டும்" என்று ஒரு நொடி தயங்காமல் சொல்லியிருக்கிறார். மூன்றாவது அம்மா, இந்தக் கொக்கி எதற்கு என்று கேட்டார்.

"அந்த இரண்டாவது பெண்தான் என்னிடம் வருகிறவர்களிலேயே நன்றாகப் படித்தவர்," என்றார் மருத்துவர். "அவருடைய பையன் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன்."

பிறகு அவரே சொன்னார், "குறி வேண்டாம். எழுதிவிடுங்கள்."

எழுதினோம். 'அக்தர் மின்', அதைவிட அதிகம். 'அகல்லு மின்', அதைவிடக் குறைவு. குவைத்துக்காரி எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். சொல் எந்தப் பக்கமும் திரும்பாது. அம்புகளையும் எடுத்துவிட்டோம். ஆனால் ஒரு குறிக்காக வகுத்த கட்டத்தில் இரண்டு சொல் நுழையவில்லை. கட்டத்தை அகலப்படுத்தினால் எதிர்ப்பக்கத்துப் பிரெஞ்சு அட்டவணையோடு வரிசை கலைந்தது. எழுத்தைச் சிறிதாக்கினால் படிக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஒரு வெறி உண்டு. நான் அரை மணி நேரம் இழுத்தும் குறுக்கியும் பார்த்தேன். பக்கம் கோணலாகவே இருந்தது.

அண்ணனிடம் தயங்கித்தான் கொடுத்தேன். கோணல் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. நெடுநேரம் பார்த்தார். சிவப்பு மையைத் திறந்தார், மூடினார்.

"அசிங்கமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போவட்டும்," என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மதியம் மருத்துவர் மறுபடி அழைத்தார், இந்த முறை தொலைபேசியில். அந்த இரண்டாவது அம்மா எதிரே இருக்கிறார், புதிய பக்கத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் கேளுங்கள் என்றார். ஒலிபெருக்கியில் போட்டேன். அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். குவைத்துக்காரி அச்சிட்ட பக்கத்தை மேசையில் விரித்து, வலது ஓரத்தில் விரலை வைத்தாள்.

கனமான குரல், கொஞ்சம் வேகம். குவைத்துக்காரியின் விரல் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே வந்தது. எண் வந்த இடத்தில் அந்தக் குரல் பிரெஞ்சில் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி அரபிக்குத் தாவியது. எனக்கு அது அவ்வளவு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஒரு கட்டத்தில் கண் தாவுகிற மாதிரியே நாக்கும் தாவுகிறதே என்று.

"சரியாப் படிக்கிறாங்கக்கா," என்று கிசுகிசுத்தாள். "ரெண்டரைக்கு மேல. ரெண்டு கூட்டணும்... இப்ப அடுத்த வரி. குறைஞ்சா ஊசி கூடாது, சர்க்கரை கொடுக்கணும்."

குரல் அங்கே நின்றது. பிறகு வேறு மாதிரி, தாழ்ந்து, யாரிடமோ பேசியது. குவைத்துக்காரியின் விரல் நின்றுவிட்டது. அது புத்தகத்து அரபி இல்லை, அவர்கள் வீட்டு அரபி, அவளுக்குப் புரியவில்லை. நான் மருத்துவரிடம், "மதாம், என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"பையனிடம் சொல்கிறார்," என்றார் மருத்துவர். "'நேற்று அம்மா இதைத் தப்பாகச் சொன்னேன். நான் இல்லாதபோது உனக்கு யார் ஊசி போட வந்தாலும் இந்த வரியை அவர்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்' என்கிறார்."

அண்ணன், "என்னம்மா, என்ன?" என்று என் முழங்கையைத் தட்டினார். "இருங்கண்ணா," என்று கையைக் காட்டினேன். அதற்குள் தொலைபேசியில் ஒரு சின்னக் குரல் அந்த வரியைப் படிக்கத் தொடங்கியது, எழுத்துக்கூட்டி, மெதுவாக. குவைத்துக்காரி விரலைத் திரும்ப வலது ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.